முதல் படத்தையும் லேசி லோடிங்கில் போட்டால் எல்சிபி ஏன் ஏறுகிறது?

சமையற்கட்டு எழுதியது:

வணக்கம். வேர்ட்பிரஸில் ஒரு சமையல் வலைப்பூ நடத்துகிறேன். ஒவ்வொரு குறிப்பிலும் படிப்படியாகப் படம் போடுவது என் வழக்கம் என்பதால் ஒரு பக்கத்தில் பதினைந்து, இருபது படங்கள் வந்துவிடும். பக்கம் கனமாகிறது என்று லேசி லோடிங் செருகுநிரல் ஒன்றைப் போட்டேன். அது தன் வேலையைச் செய்கிறது. முன்பெல்லாம் பக்கம் திறந்ததுமே எல்லாப் படமும் இறங்கும், இப்போது கீழே போகப் போகத்தான் இறங்குகிறது.

ஆனால் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் மொபைல் எல்சிபி முன்பு 2.6 வினாடி இருந்தது, இப்போது 3.9 காட்டுகிறது. சர்ச் கன்சோலிலும் "2.5 வினாடிக்கு மேல்" என்ற எச்சரிக்கைப் பட்டியலில் குறிப்புப் பக்கங்கள் எல்லாம் வந்துவிட்டன. இறங்கும் டேட்டா குறைந்த பிறகு எல்சிபி எப்படி ஏறும்? இதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

---

பிக்சல்_பித்தன் எழுதியது:

படத்தின் சைஸ்தான் காரணமாக இருக்கும். எல்லாவற்றையும் வெப்பியாக மாற்றுங்கள், இல்லையென்றால் ஏவிஐஎஃப். தரத்தை 70க்குக் குறைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. என் தளத்தில் 400 கேபி படத்தை 80க்குக் கொண்டுவந்ததும் மதிப்பெண் உடனே பச்சைக்கு வந்தது.

---

சமையற்கட்டு எழுதியது:

படங்கள் ஏற்கெனவே வெப்பிதான். மேலே வரும் முதல் படம் 92 கேபி. செருகுநிரல் போடுவதற்கு முன்பும் இதே படம், இதே சைஸ். மாறியது லேசி லோடிங் மட்டுமே.

---

தெற்கு_வாசல் எழுதியது:

அம்மா, அந்த முதல் படத்தின் எச்டிஎம்எல் வரியை இங்கே போடுங்கள். வலது கிளிக் செய்து "இன்ஸ்பெக்ட்" பார்க்க வேண்டாம். அங்கே தெரிவது ஸ்கிரிப்ட் எல்லாம் ஓடி முடித்து மாற்றிய பிறகு உள்ள நிலை. கன்ட்ரோல்+யூ அழுத்தி மூலத்தைப் பாருங்கள். சர்வர் அனுப்பியது அப்படியே அங்கே இருக்கும்.

---

சமையற்கட்டு எழுதியது:

இதோ:

```html
<img class="lazy" src="data:image/svg+xml;base64,..."
     data-src="/wp-content/uploads/meen-kuzhambu-1200.webp"
     width="1200" height="800" alt="மீன் குழம்பு">
```

---

தெற்கு_வாசல் எழுதியது:

இந்த வரியிலேயே பதில் இருக்கிறது.

பிரவுசர் எச்டிஎம்எல்லை வாங்க ஆரம்பித்ததும், பக்கத்தைக் கட்டும் பாகத்துக்கு முன்னால் இன்னொரு பாகம் வேகமாக ஓடி, என்னென்ன கோப்புகள் தேவைப்படும் என்று தேடும். ப்ரீலோடு ஸ்கேனர் என்பார்கள். சிஎஸ்எஸ் இன்னும் வந்து சேரவில்லை, ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்றாலும் இது காத்திருக்காது. `src`இல் ஒரு முகவரியைக் கண்டால் உடனே கோரிக்கை போய்விடும். உங்கள் `src`இல் இருப்பதோ ஒரு வெற்று எஸ்விஜி. உண்மையான முகவரி `data-src`இல் இருக்கிறது. அந்தப் பெயரைப் பிரவுசருக்குத் தெரியாது, செருகுநிரலின் ஸ்கிரிப்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே மீன் குழம்புப் படம் இறங்க வேண்டுமென்றால் முதலில் எச்டிஎம்எல் வர வேண்டும், பிறகு அந்த ஸ்கிரிப்ட் இறங்கி ஓட வேண்டும், அது `data-src`ஐ `src`க்கு மாற்ற வேண்டும். கோரிக்கை அதன் பிறகுதான் புறப்படும். படம் 92 கேபியா 60 கேபியா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

எல்சிபி என்பது திரையின் முதல் காட்சியில் தெரியும் மிகப் பெரிய பொருள், அது படமானாலும் எழுத்தானாலும், எந்த நொடியில் வரையப்பட்டது என்ற அளவு. கீழே இருக்கும் பதினேழு படங்கள் இறங்கினவா இல்லையா என்பதை அது நேரடியாகப் பார்ப்பதே இல்லை. டேட்டா குறைந்தும் எல்சிபி ஏறியது இதனால்தான். நீங்கள் மிச்சப்படுத்தியது கீழே, தாமதப்படுத்தியது மேலே.

ஊகமாக விட வேண்டாம், அளந்துவிடலாம். குரோமில் டெவ்டூல்ஸ் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் தாவலில் நெட்வொர்க்கை "Slow 4G" என்று வைத்துப் பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். எல்சிபி எண்ணை நான்கு துண்டாகப் பிரித்துக் காட்டும். சர்வரிலிருந்து முதல் பைட் வர ஆன நேரம், படத்தின் கோரிக்கை புறப்படும் வரை வீணான நேரம், படம் இறங்கிய நேரம், இறங்கியது திரையில் வரையப்பட ஆன நேரம். இரண்டாவதன் பெயர் `Resource load delay`. நாலையும் இங்கே போடுங்கள்.

---

சமையற்கட்டு எழுதியது:

எடுத்துவிட்டேன் சார். மொபைல் அகலத்தில்:

முதல் பைட் 620 மில்லிவினாடி. கோரிக்கை புறப்படும் வரை 2150. இறங்க 710. வரைய 380. மொத்தம் 3860.

---

தெற்கு_வாசல் எழுதியது:

பிக்சல்_பித்தன் சொன்ன வழி வேலை செய்தாலும் 710 என்ற துண்டைத்தான் குறைக்கும் என்பது இதிலேயே தெரிகிறது. படத்தைப் பாதியாகச் சுருக்கினால் 300, 350 மிச்சமாகும், அவ்வளவுதான். பாதிக்கும் மேலான நேரம், அந்த 2150, படத்தைக் கேட்கவே யாரும் போகாத நேரம்.

---

பிக்சல்_பித்தன் எழுதியது:

சரிதான், என் தளத்தில் அன்று இறங்கும் துண்டுதான் பெரிதாக இருந்திருக்க வேண்டும். இந்த நாலு துண்டுக் கணக்கை இனி முதலில் பார்க்கிறேன்.

---

அணில்வால் எழுதியது:

எதற்கு இவ்வளவு சுற்று? லேசி லோடிங்கை மொத்தமாக எடுத்துவிடுங்கள் அக்கா. எல்சிபிக்கு அது எதிரி என்று கூகுள்காரர்களே 2021இல் எழுதியிருக்கிறார்கள். நான் எல்லாத் தளத்திலும் அணைத்து வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் ஓடுகிறது.

---

தெற்கு_வாசல் எழுதியது:

தம்பி, அந்தக் கட்டுரையை நானும் படித்தேன். கூகுளின் ரிக் விஸ்கோமியும் ஃபெலிக்ஸ் ஆர்ன்ட்ஸும் எழுதியது. வேர்ட்பிரஸ் 5.5 வந்தபோது, 2020 ஆகஸ்டில், அகல உயரம் குறித்த படங்களுக்கெல்லாம் `loading="lazy"` தானாகவே சேர ஆரம்பித்தது. எது முதல் படம், எது கடைசிப் படம் என்ற பேதம் கிடையாது. அதனால் எல்சிபி கெடுகிறதா என்று அவர்கள் பார்த்தார்கள், கெடுகிறது என்று கண்டார்கள். ஆனால் அவர்கள் சொன்ன தீர்வு லேசி லோடிங்கைத் தூக்கிப் போடு என்பது அல்ல. முதல் காட்சியில் வரும் படத்துக்கு மட்டும் போடாதே என்பதுதான். தலைப்பிலேயே "அளவுக்கு மீறிய" லேசி லோடிங் என்றுதான் வைத்தார்கள். அதை ஒட்டித்தான் 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் முதல் உள்ளடக்கப் படத்தை விட்டுவிடுகிறது.

மொத்தமாக அணைத்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தையே வைத்துப் பாருங்கள். முதல் படத்தின் தாமதம் போய்விடும், அது உண்மை. ஆனால் பதினெட்டுப் படங்களின் கோரிக்கையும் சேர்ந்து போகும். திரைக்கு வெளியே உள்ள படங்களுக்குக் குரோம் குறைந்த முன்னுரிமைதான் தரும். அந்த முன்னுரிமையைச் சர்வரும் மதித்து, மேல் படத்தை முதலில் அனுப்பினால் பெரிய சேதம் இல்லை. எல்லா ஹோஸ்டிங்கும் அப்படி நடந்துகொள்வதில்லை. மதிக்காத இடத்தில் ஒரே குழாயில் பதினெட்டும் போட்டி போடும், மேல் படம் இறங்கும் நேரம் நீளும். பாதி படித்துவிட்டு மூடுகிறவரின் டேட்டாவும் வீண்.

---

அணில்வால் எழுதியது:

என் பக்கங்களில் மூன்று நான்கு படம்தான் இருக்கும். அதனால் எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஆனாலும் செருகுநிரல் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். பிரவுசரே `loading="lazy"` செய்யும்போது அந்த வேலைக்குத் தனி ஸ்கிரிப்ட் எதற்கு?

---

தெற்கு_வாசல் எழுதியது:

அதில் உங்கள் பக்கம்தான் நான். குரோமில் 2019இலிருந்து, ஃபயர்பாக்ஸில் 2020இலிருந்து, சஃபாரியில் 2022இலிருந்து அது இருக்கிறது. சாதாரண வலைப்பூவுக்கு ஸ்கிரிப்ட் வழி லேசி லோடிங் இனித் தேவையில்லை.

---

சமையற்கட்டு எழுதியது:

செருகுநிரலை அணைத்துவிட்டு மறுபடி அளந்தேன். நல்ல மாற்றம், ஆனால் நீங்கள் சொன்ன அளவுக்கு இல்லை.

முதல் பைட் 620, புறப்படும் வரை 980, இறங்க 740, வரைய 120. மொத்தம் 2460.

அந்த 980 எங்கிருந்து வருகிறது? மூலத்தைப் பார்த்தால் இப்போது `src`இல் உண்மையான முகவரிதான் இருக்கிறது. ஆனால் கூடவே `loading="lazy"` இருக்கிறது. 5.9இலிருந்து முதல் படத்துக்கு அது வராது என்றீர்களே? என்னிடம் இருப்பது அதற்கும் பிந்திய பதிப்பு.

---

தெற்கு_வாசல் எழுதியது:

முகவரி கண்ணெதிரே இருந்தும் பிரவுசர் காத்திருக்கிறது. காரணம் அந்த `lazy`. அந்தச் சொல் இருந்தால், படம் திரைக்குள் வருமா வராதா என்று தெரிந்த பிறகுதான் கோரிக்கை போகும். அது தெரிய வேண்டுமென்றால் பக்கத்தின் தளவமைப்பு கணக்கிடப்பட வேண்டும், அதற்குச் சிஎஸ்எஸ் முழுக்க வந்து சேர வேண்டும். உங்கள் கணக்கில் 620உம் 980உம் சேர்ந்தால் 1600. உங்கள் தீமின் சிஎஸ்எஸ் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் வந்து முடிகிறது என்று நினைக்கிறேன். நெட்வொர்க் தாவலில் கடைசிச் சிஎஸ்எஸ் கோப்பு முடியும் இடத்தையும் படத்தின் கோடு தொடங்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒட்டினாற்போல் இருக்கும்.

சரி, `lazy` யார் போட்டது? வேர்ட்பிரஸ் போட்டிருக்காது. தீம் எழுதியவர் கையால் எழுதியிருப்பார். தீம் கோப்பில் `the_post_thumbnail` என்று தேடுங்கள்.

---

சமையற்கட்டு எழுதியது:

ஆமாம், இருக்கிறது. சிஎஸ்எஸ் முடியும் இடமும் படம் தொடங்கும் இடமும் நீங்கள் சொன்னபடியே அடுத்தடுத்து இருக்கின்றன.

```php
the_post_thumbnail( 'large', array( 'loading' => 'lazy' ) );
```

---

தெற்கு_வாசல் எழுதியது:

இதுதான். தீம் இப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வேர்ட்பிரஸ் அதை மதித்து ஒதுங்கிவிடும். 6.3 பதிப்பிலிருந்து மேல் படத்துக்குத் தானாகச் சேரும் `fetchpriority="high"`உம் இதனால் சேராமல் போயிருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்.

அந்த வரியை இப்படி மாற்றுங்கள். சைல்டு தீமில் செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த அப்டேட்டில் பழைய வரி திரும்பிவிடும்.

```php
the_post_thumbnail( 'large', array(
	'loading'       => 'eager',
	'fetchpriority' => 'high',
) );
```

`eager` என்றால் காத்திருக்காதே என்று அர்த்தம். அது மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். படங்களைக் குரோம் முதலில் முன்னுரிமை குறைவாகவே வரிசையில் வைக்கும், திரைக்குள் இருக்கிறது என்று தளவமைப்புக்குப் பிறகு தெரிந்தால்தான் மேலே ஏற்றும். `fetchpriority="high"` அந்தச் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறது. நெட்வொர்க் தாவலின் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து "Priority" பத்தியைத் திறந்து வைத்தால் அந்த மாற்றம் கண்ணில் படும்.

---

வழிப்போக்கர் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பயணக் கட்டுரை எழுதுகிறவன், என் தளம் பிளாகரில். இந்த இழையைப் படித்துவிட்டு என் முதல் படத்திலிருந்து `loading="lazy"`ஐ எடுத்தேன். மொபைல் எல்சிபி இம்மியும் மாறவில்லை. கணினியில் மட்டும் நன்றாகக் குறைந்தது. இரண்டிலும் ஒரே எச்டிஎம்எல்தானே போகிறது?

---

தெற்கு_வாசல் எழுதியது:

உங்கள் மொபைல் பக்கத்தில் எல்சிபி பொருள் படம்தானா என்று முதலில் பாருங்கள் ஐயா. கன்சோலில் இதை ஒட்டினால் சொல்லிவிடும்:

```js
new PerformanceObserver((l) => {
  const e = l.getEntries().at(-1);
  console.log(e.element, e.url, Math.round(e.startTime));
}).observe({ type: 'largest-contentful-paint', buffered: true });
```

ஒட்டுவதற்கு முன் பக்கத்தில் எங்கும் தொடவோ உருட்டவோ கூடாது. வாசகர் உருட்டினாலோ தட்டினாலோ எல்சிபி அளவீடு அதோடு நின்றுவிடும்.

---

வழிப்போக்கர் எழுதியது:

பார்த்தேன். மொபைல் அகலத்தில் ஒரு `<p>` வருகிறது, என் முன்னுரைப் பத்தி. கணினியில் `<img>` வருகிறது. மொபைலில் தலைப்பு, தேதி, பிறகு நீளமான முன்னுரை, படம் அதற்கும் கீழே.

---

தெற்கு_வாசல் எழுதியது:

அப்படியென்றால் மொபைலில் உங்கள் எல்சிபி எழுத்து. அது எப்போது தெரிகிறது என்பதைச் சிஎஸ்எஸும் எழுத்துருவும்தான் தீர்மானிக்கும். படத்தை லேசியாக வைத்தாலும் எடுத்தாலும் அந்த எண் அசையாது. கணினிக்காக `lazy`ஐ எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும், மொபைலில் அதனால் பெரிய நஷ்டம் கிடையாது. உங்கள் படம் திரைக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. குரோம் லேசி படத்தையும் திரைக்குள் வந்த பிறகுதான் கேட்கும் என்பதில்லை, நல்ல 4ஜி இணைப்பில் 1250 பிக்சல் தொலைவிலேயே கேட்டுவிடும், இணைப்பு மெதுவானால் 2500 பிக்சல். ஆக எப்படி இருந்தாலும் அந்தப் படம் இறங்கியிருக்கும்.

பிளாகரில் இன்னொன்றைக் கவனியுங்கள். பட முகவரியின் நடுவில் `s1600` மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதுதான் சைஸ். கணினியில் 700 பிக்சல் அகலத்தில் காட்டும் படத்துக்கு அவ்வளவு பெரிது வேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் பிக்சல்_பித்தன் சொன்னது பொருந்தும்.

---

நூல்கண்டு எழுதியது:

சமையற்கட்டு அக்காவுக்கு என் யோசனை: தீமைத் தொடாமலே `<head>`இல் ப்ரீலோடு கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

```html
<link rel="preload" as="image" href="/uploads/banner-1600.webp">
```

`lazy` இருந்தாலும் படம் முன்கூட்டியே வந்துவிடும்.

---

தெற்கு_வாசல் எழுதியது:

முன்கூட்டியே வரும் என்பது சரி. எந்தப் படம் வரும் என்பதுதான் சிக்கல். வேர்ட்பிரஸ் படங்களுக்கு `srcset` இருக்கும். ஒரே படத்தின் 300, 768, 1024, 1200 என்ற பல அகலங்களில் எது வேண்டும் என்று பிரவுசரே தேர்ந்தெடுக்கும். உங்கள் ப்ரீலோடு 1600ஐ இறக்கும், மொபைலில் `<img>` 768ஐக் கேட்கும். இரண்டும் இறங்கும், பெரியது பயனில்லாமல் போகும். சிறியதற்கு வேண்டிய குழாயையும் பெரியது பிடித்துக்கொள்ளும்.

உங்கள் பக்கத்தை மொபைல் அகலத்தில் வைத்து நெட்வொர்க் தாவலில் அந்தப் படத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு வரி வந்தால் அதுதான். ப்ரீலோடு செய்தது பயன்படவில்லை என்று கன்சோலிலும் எச்சரிக்கை வரும். `imagesrcset`, `imagesizes` இரண்டையும் `<img>`இல் உள்ளபடியே கொடுத்தால் சரியாகும். ஆனால் `<img>` எச்டிஎம்எல்லிலேயே இருக்கும்போது `fetchpriority` ஒன்றே போதும். படத்தைச் சிஎஸ்எஸ் பின்னணியாக வைத்திருக்கிறவர்களுக்குத்தான் ப்ரீலோடு உண்மையில் தேவை, அதை ஸ்கேனரால் பார்க்க முடியாது.

---

நூல்கண்டு எழுதியது:

இரண்டு வரி வருகிறது. என்னுடையது பின்னணிப் படம் இல்லை. ப்ரீலோடை எடுத்துவிடுகிறேன்.

---

சமையற்கட்டு எழுதியது:

மாற்றி, கேஷையும் அழித்துவிட்டு அளந்தேன்.

முதல் பைட் 610, புறப்படும் வரை 90, இறங்க 830, வரைய 360. மொத்தம் 1890.

ஒரு சந்தேகம். 980 என்பது 90 ஆனது, ஆனால் மொத்தம் 570தான் குறைந்தது. இறங்குவதும் வரைவதும் கூடிவிட்டனவே, ஏதாவது கெட்டுப்போனதா?

---

தெற்கு_வாசல் எழுதியது:

ஒன்றும் கெடவில்லை. முன்பு படம் சிஎஸ்எஸ் முடிந்த பிறகு தனியாக இறங்கியது, இப்போது அதோடு சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்குகிறது. அதனால் 740 என்பது 830 ஆனது. படம் 1530இல் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சிஎஸ்எஸ் முடியாமல் பிரவுசர் எதையும் வரையாது. அந்தக் காத்திருப்புதான் 360 என்று நாலாவது துண்டில் தெரிகிறது.

இனிப் படத்தில் எது செய்தாலும் எண் இறங்காது. இதற்கும் கீழே கொண்டுபோக நினைத்தால் தீமின் சிஎஸ்எஸைக் குறையுங்கள். பயன்படுத்தாத எழுத்துரு, ஸ்லைடர், ஐகான் தொகுப்பு என்று அதில் நிறைய இருக்கும்.

---

அணில்வால் எழுதியது:

செருகுநிரல் இருந்தபோது படம் வரும் வரை மங்கலான சிறு படம் ஒன்றைக் காட்டும் வசதி இருந்திருக்குமே? அதை முதலிலேயே வரைந்துவிட்டால் எல்சிபி அதோடு பதிவாகிவிடாதா? எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இதை அடித்துச் சொல்கிறார்.

---

தெற்கு_வாசல் எழுதியது:

பதிவாகாது. 40 பிக்சல் படத்தை இழுத்து 400க்குக் காட்டினாலும் எல்சிபி அதை அதன் சொந்த அளவில்தான் எடைபோடும். அத்தோடு குரோம் 112இலிருந்து, காட்டும் பரப்புக்கு ஏற்ற தகவலே இல்லாத படத்தை, ஒரு பிக்சலுக்கு 0.05 பிட்டுக்கும் குறைவாக இருந்தால், கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மங்கல் படம் வாசகர் கண்ணுக்கு இதமாக இருக்கலாம், அதற்காக வைத்துக்கொள்ளட்டும். எண்ணுக்காக வேண்டாம்.

---

பிக்சல்_பித்தன் எழுதியது:

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வெற்றிடத்தைப் பார்ப்பதைவிட மங்கலான குழம்பைப் பார்க்கிறவர் பக்கத்திலேயே இருப்பார். எண் அதைக் காட்டாவிட்டால் குறை எண்ணில்தான். வாசகர் உணரும் வேகம் வேறு, எல்சிபி வேறு.

---

தெற்கு_வாசல் எழுதியது:

நியாயமான பேச்சு. ஆனால் அந்த மங்கல் படத்தைக் கொண்டுவர ஒரு ஸ்கிரிப்ட் வைத்து, அதற்காக நிஜப் படத்தை இரண்டு வினாடி தாமதித்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மங்கல் படத்தை எச்டிஎம்எல்லிலேயே பின்னணியாகப் பதித்து, நிஜப் படத்தின் `src`ஐத் தொடாமல் விட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

---

சமையற்கட்டு எழுதியது:

பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் கீழே உள்ள சோதனை எண் பச்சைக்கு வந்துவிட்டது. மேலே உண்மையான வாசகர்கள் என்று காட்டும் பகுதி மட்டும் இன்னும் சிவப்பு கலந்தே இருக்கிறது. சர்ச் கன்சோல் எச்சரிக்கையும் போகவில்லை.

---

தெற்கு_வாசல் எழுதியது:

அது கடந்த 28 நாட்களின் தொகுப்பு. இன்று செய்த மாற்றம் முழுதாகத் தெரிய அத்தனை நாளும் ஓட வேண்டும். மேலும் அது சராசரி இல்லை. நூறு வருகையில் எழுபத்தைந்துக்காவது எல்சிபி 2.5 வினாடிக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு. பழைய போனில், சிக்னல் குறைந்த இடத்தில் படிக்கிறவர்கள் நிறைய இருந்தால், உங்கள் சோதனை எண்ணைவிட அது மேலேதான் நிற்கும். அந்தத் தரவு குரோமிலிருந்து மட்டும் வருவது, ஐபோனில் குரோம் வைத்திருப்பவர்கள்கூட அதில் சேர மாட்டார்கள். உங்கள் வாசகர்களில் ஐபோன்காரர்கள் அதிகமென்றால் அவர்கள் அனுபவம் அங்கே தெரியாது.

---

வழிப்போக்கர் எழுதியது:

சமையற்கட்டு அம்மா, உங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு குறிப்புகள் கட்டம் கட்டமாக வருகின்றன. பன்னிரண்டு படத்திலும் `fetchpriority="high"` இருக்கிறது. இது சரியா?

---

தெற்கு_வாசல் எழுதியது:

நல்ல வேளை பார்த்தீர்கள். குறிப்புப் பக்கமும் முகப்பும் ஒரே டெம்ப்ளேட் கோப்பைப் பயன்படுத்துகின்றன போலிருக்கிறது. பன்னிரண்டும் அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை, பழைய போட்டி திரும்பிவிடும். லூப்பில் எத்தனையாவது பதிவு என்று பார்த்து முதலாவதற்கு மட்டும் கொடுங்கள்:

```php
$first = ( 0 === $wp_query->current_post );
the_post_thumbnail( 'large', $first
	? array( 'loading' => 'eager', 'fetchpriority' => 'high' )
	: array( 'loading' => 'lazy' ) );
```

குறிப்பின் அடியில் "தொடர்புடைய குறிப்புகள்" பகுதிக்கும் இதே கோப்பு போனால் அங்கே தவறாக ஓடும். அது தனி வினவல், ஆனால் `$wp_query` இன்னும் முதன்மை வினவலைத்தான் சுட்டும். அங்கே வேறு கோப்பு வையுங்கள்.

---

நூல்கண்டு எழுதியது:

கணினியில் கட்டத்தின் முதல் வரிசையில் மூன்று படம் தெரிகிறதே. இரண்டாவதும் மூன்றாவதும் லேசியாக இருந்தால் அவை சிஎஸ்எஸுக்குக் காத்திருக்காதா? மூன்றும் ஒரே அளவு, எது எல்சிபி ஆகும் என்று எப்படித் தெரியும்?

---

தெற்கு_வாசல் எழுதியது:

ஒரே அளவில் இருந்தால் முதலில் வரையப்படுவதுதான் நிற்கும். பின்னால் வருவது அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் அதன் இடத்தைப் பிடிக்கும். அதனால் முதலாவதை மட்டும் வேகப்படுத்தினால் எண்ணுக்குப் போதும். ஆனால் உயரங்கள் சற்றே மாறினாலும் கதை மாறிவிடும். 6.3இலிருந்து வேர்ட்பிரஸ் முதல் மூன்று படங்களுக்கு லேசி போடாமல் விடுகிறது, அதே வழியில் மூன்றுக்கு `eager`உம் முதலாவதற்கு மட்டும் `high`உம் வைக்கலாம். மொபைலில் ஒரு படம்தான் தெரியும், மீதி இரண்டு அங்கே வீணாக முந்தும். எது மேல் என்று உங்கள் வாசகர்கள் எதில் வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

---

சமையற்கட்டு எழுதியது:

என் வாசகர்களில் பெரும்பாலோர் மொபைல்தான். முகப்பில் முதல் படத்துக்கு மட்டும் `eager` வைத்து, மற்றதை லேசியாக விடுகிறேன். தொடர்புடைய குறிப்புகளுக்குத் தனிக் கோப்பும் போட்டாயிற்று. 28 நாள் கழித்து வாசகர் எண் வந்ததும் இங்கேயே போடுகிறேன், முகப்பும் குறிப்புப் பக்கமும் தனித்தனியாக.